‘ப்யூர் சில்க்’ என்று போட்டு பாலியஸ்டர் அனுப்பினால்: செல்லர் முதல் நுகர்வோர் ஆணையம் வரை

திருநெல்வேலியில் இருக்கும் என் அக்கா, மகள் நிச்சயதார்த்தத்துக்காக ஒரு ஆன்லைன் தளத்தில் 8,450 ரூபாய்க்குப் பட்டுப்புடவை ஒன்று வாங்கினாள். பக்கத்தில் ‘ப்யூர் சில்க்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பார்சல் வந்ததும் பீரோவில் வைத்துவிட்டாள். பன்னிரண்டாம் நாள் ஃபால்ஸ் தைக்க எடுத்தபோது, கடைத்தெருவில் டெய்லர் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, “இது பட்டு இல்லம்மா” என்று சொல்லிவிட்டார். ஆப்பைத் திறந்தால் திருப்பி அனுப்ப ஏழு நாள்தான், அது முடிந்துவிட்டது என்றது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த ஏழு நாள் தளம் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட கெடு. சட்டம் வைத்தது இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020இல் விதி 6(3) இப்படிச் சொல்கிறது: பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் அதில் இல்லாவிட்டாலோ, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ செல்லர் மறுக்கக் கூடாது. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று பக்கத்தில் போட்டுவிட்டால் இந்தக் கடமை போய்விடாது. மனசு மாறிப்போய்த் திருப்பித் தருவதற்குத்தான் அந்த ஏழு நாள் கெடு பொருந்தும். சொன்னது ஒன்று, வந்தது வேறு என்பது தனி விவகாரம்.

சட்டம் நம் பக்கம் என்பது மட்டும் போதாது, காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும். அதனால் யாரிடமும் சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்.

முதல் வேலை: சொன்னதைப் பிடித்து வைப்பது

புகார் போன மறுநாளே செல்லர் பக்கத்தை மாற்றிவிடலாம். ‘ப்யூர் சில்க்’ என்பது ‘சில்க் ப்ளெண்ட்’ ஆகிவிடும். ஆகவே முதலில் அந்தப் பக்கத்தை முழுசாகப் பிடியுங்கள். ஆப்பில் தலைப்பு, விலை, ‘துணி வகை’ என்று வரும் அட்டவணை, செல்லர் பெயர் எல்லாம் தெரியும்படி மேலிருந்து கீழாக ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுக்கலாம். கணினியில் திறந்து, தேதியும் இணைப்பும் தெரியப் பிடிஎஃப்பாகவும் சேமித்துக்கொள்ளுங்கள். இதே குறையை வேறு யாராவது விமர்சனத்தில் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள்.

பக்கம் ஏற்கெனவே மாறிவிட்டதா? ஆர்டர் உறுதி ஆனபோது வந்த மின்னஞ்சலையும் பில்லையும் தேடுங்கள். பொதுவாக அவற்றில் அன்றைய தலைப்பு அப்படியே இருக்கும். உங்கள் மின்னஞ்சல் பெட்டிக்குள் வந்துவிட்டதைச் செல்லர் திருத்த முடியாது.

பில்லில் இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். எச்.எஸ்.என். என்று ஒரு எண் போட்டிருக்கும். ஜி.எஸ்.டி.க்காகப் பொருளை வகைப்படுத்தும் எண் அது. பட்டுத் துணி 50ஆம் அத்தியாயத்தில் வரும், நெய்த பட்டுக்கு 5007. பருத்திக்கு 52. செயற்கை இழைத் துணி 54ஆம் அத்தியாயம், பாலியஸ்டர் இழைப் புடவைகள் பெரும்பாலும் 5407இல் வரும். அக்காவின் பில்லில் தலைப்பு ‘ப்யூர் சில்க் சாரி’, பக்கத்திலேயே எண் 5407. வாங்குகிறவரிடம் பட்டு, அரசாங்கத்திடம் பாலியஸ்டர்! அலட்சியமாகத் தப்பு எண் போடுகிற செல்லர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. ஆனால் மற்ற சான்றுகளோடு சேரும்போது அவர் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது: வந்ததைச் சோதிப்பது

புடவையில் கைவைக்கும் முன் டேக், பார்சல் மேல் ஒட்டிய லேபிள், மடிப்பு எல்லாம் தெரிய படம் எடுத்துவிடுங்கள். டேக்கைக் கிழிக்காதீர்கள். ஃபால்ஸ் தைத்துவிட்டால் ‘உடுத்தின புடவை’ என்று சொல்ல ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

அப்புறம் நூல். ரவிக்கைத் துண்டின் வெட்டு ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று என இரண்டையும் தனித்தனியாக உருவுங்கள். ஒரு பக்கம் பட்டும் மறுபக்கம் பாலியஸ்டருமாக நெய்த புடவைகள் இருப்பதால் ஒரு நூலை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. இடுக்கியில் பிடித்து, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தீயில் காட்டுங்கள். பட்டு என்றால் மெதுவாகக் கருகும், முடி பொசுங்கும் வாடை வரும், மிச்சத்தை நசுக்கினால் பொடியாகிவிடும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், பிளாஸ்டிக் வாடை வரும், ஆறியதும் நுனியில் கெட்டியான சின்ன மணி ஒன்று நிற்கும். அதை விரலால் நசுக்க முடியாது. இதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். நூல் புடவையிலிருந்து உருவப்படுவதும் அதே வீடியோவில் வர வேண்டும். இல்லாவிட்டால், எந்த நூலை எரித்தீர்கள் என்று கேட்பார்கள்.

வீட்டுச் சோதனை செல்லரிடமும் தளத்திடமும் பேசப் போதும். ஆணையம் வரை போவதானால் ஆய்வகச் சான்று பலம். மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் இருக்கும் சில்க் மார்க் அமைப்பின் மையங்களில் துணியைச் சோதித்துச் சொல்வார்கள். ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கான கட்டணத்தை முதலில் நம்மைக் கட்டச் சொல்லலாம்.

வேறு பொருளுக்கும் வழி இதுதான். தேக்கு என்று சொல்லி வந்த மேசை என்றால் திருகு போட்ட துளைக்குள் பாருங்கள், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அங்கே பல்லிளிக்கும். 750 வாட்ஸ் மிக்ஸி என்றால் அடியில் ஒட்டிய தகட்டைப் பாருங்கள். கண்ணால் காட்டக்கூடிய ஒரு வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ‘போட்டோவில் பார்த்ததைவிட நிறம் கொஞ்சம் டல்’ என்பது நிற்பது கஷ்டம்.

மூன்றாவது: செல்லரிடம் எழுத்தில் கேட்பது

போனில் பேசாதீர்கள். பேசினாலும் அதையே சாட்டிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்பிவிடுங்கள். அக்கா எழுதியது இவ்வளவுதான்:

“ஆர்டர் எண் இது. இந்தத் தேதியில் 8,450 ரூபாய் கட்டி வாங்கினேன். உங்கள் பக்கத்திலும் பில்லிலும் ‘ப்யூர் சில்க்’ என்று உள்ளது. வந்திருப்பது பாலியஸ்டர் புடவை. படங்களும் வீடியோவும் இணைத்துள்ளேன். மின்வணிக விதி 6(3)இன்படி புடவையை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் ஏழு நாளுக்குள் திருப்பித் தரவும்.”

கோபம் இல்லை, ‘ஏமாற்றுக்காரர்’ என்ற வார்த்தை இல்லை. நாளைக்கு இதை வேறொருவர் படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுத வேண்டும். பதில் வந்தது: “மேடம், ஆர்ட் சில்க்கும் சில்க்தான்.” அக்காவுக்குத் தலைக்கேறியது. நான் அதை உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். வந்தது ஆர்ட் சில்க், அதாவது செயற்கை இழை என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டாரே!

அடுத்து 700 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டால் ‘விவகாரம் தீர்ந்தது’ என்று பதிவாகிவிடலாம். ‘உங்கள் பிரச்சினை தீர்ந்ததா’ என்று ஆப் கேட்கும்போது பழக்கதோஷத்தில் ஆம் என்று தட்டிவிடவும் கூடாது.

கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால் இந்தக் கட்டத்திலேயே வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது, கேட்டும் எழுதுங்கள். அதற்கு நாள் கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

நான்காவது: தளத்தின் குறைதீர் அலுவலர்

கஸ்டமர் கேரும் குறைதீர் அலுவலரும் ஒன்றில்லை. கஸ்டமர் கேரில் பேசுகிறவருக்கு முன்னால் திரையில் ஏழு நாள் கெடு மட்டும்தான் தெரியும். அவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தளத்தில் போட வேண்டும் என்பது விதி. பக்கத்தின் அடியில் `Grievance Officer` என்ற தலைப்பில் இருக்கும். கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், யாரும் அதை முகப்பில் வைப்பதில்லை.

அவருக்கு மின்னஞ்சல் போனதும் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாருக்கு ஒரு டிக்கெட் எண்ணும் தர வேண்டும். அந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

மின்னஞ்சலில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, பணம். இரண்டாவது, செல்லரின் முழு முகவரி. இதைத்தான் பலர் கேட்பதில்லை. பொருள் வாங்கியவர் எழுத்தில் கேட்டால் செல்லரின் தலைமையிட முகவரி உள்ளிட்ட விவரங்களைத் தளம் தந்தாக வேண்டும் என்கிறது விதி 5(3). பின்னால் நோட்டீஸ் அனுப்ப இந்த முகவரி வேண்டும். பில்லில் இருக்கும் முகவரி சில சமயம் வெறும் குடோனாக இருக்கும், கடிதம் ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வரும். தளம் முகவரி தராமல் இழுத்தால் அதுவும் தளத்தின் மேல் இன்னொரு குற்றச்சாட்டு.

“நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்றது செல்லர்” என்று தளம் சொல்லும். எல்லாத் தளங்களும் சொல்வதுதான். அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. பக்கத்தில் போடும் விவரங்களும் படங்களும் பொருளோடு நேராகப் பொருந்தும் என்று செல்லரிடம் தளம் உறுதிமொழி வாங்க வேண்டும் என்கிறது விதி 5(2). குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்க்காமல் விட்டால் அது செல்லரின் தப்பு இல்லை, தளத்தின் சொந்தச் சேவைக் குறைபாடு. நுகர்வோர் சட்டப்படி அதற்குத் தனியாகக் கேட்கலாம்.

ஒருவேளை தளம் ஒப்புக்கொண்டு புடவையை எடுக்க ஆள் அனுப்பினால், கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் மறுபடி படம் எடுத்து, பார்சலில் ஒட்டும் எண்ணையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ‘வேறு புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார்’ என்று செல்லர் சொன்ன கதைகள் உண்டு.

ஐந்தாவது: 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். `consumerhelpline.gov.in` தளத்திலும் பதியலாம், அதில் ஆவணங்களை ஏற்ற முடியும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு புகார் எண் கொடுத்து, நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் கேட்பார்கள். பெரிய நிறுவனங்களில் இந்தப் புகார்களைப் பார்க்கத் தனி ஆட்கள் இருப்பார்கள், சின்னத் தொகைகள் பல இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் உதவி எண்ணால் உத்தரவு போட முடியாது. நிறுவனம் “ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது” என்று எழுதிவிட்டால் அதற்குமேல் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. இங்கே புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக ஆணையத்துக்குப் போகும் கால அவகாசம் நின்றுவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். அந்த அவகாசம் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம்.

ஆறாவது: நோட்டீஸ்

வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, நீங்களே அனுப்பலாம். நோட்டீஸ் அனுப்பாமல் வழக்குப் போடவும் சட்டத்தில் தடையில்லை. ஆனால் தளத்தின் சட்டப் பிரிவு முதன்முதலில் நம் பெயரைப் படிப்பது பெரும்பாலும் இதில்தான். நடந்ததைத் தேதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள், கேட்கும் தொகையைச் சொல்லுங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். செல்லருக்கும் தளத்துக்கும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தின் அச்சுப்பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது: மாவட்ட ஆணையம்

செல்லர் சூரத்தில், தளத்தின் அலுவலகம் வேறு மாநிலத்தில், நாம் எங்கே போவது என்று அக்கா கேட்டாள். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைச் சுலபமாக்கிவிட்டது. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறோம் என்பது இந்தக் கணக்கில் வராது, கொடுத்த விலைதான் கணக்கு. வக்கீல் கட்டாயமில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கி விற்பதற்காக வாங்கிய பொருள் என்றால் நீங்கள் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டீர்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் என்றால் விலக்கு உண்டு.

`e-jagriti.gov.in` தளத்தில் செல்போன் எண் கொடுத்துப் பதிவுசெய்து ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். புகார் மனு, பிரமாணப் பத்திரம், தேதிப் பட்டியல், ஆவணங்கள் எல்லாம் பிடிஎஃப்பாக ஏற வேண்டும். ஸ்க்ரீன்ஷாட், வீடியோ போன்றவற்றுக்கு மின்னணுச் சான்றிதழ் கேட்கலாம். காகித நகல் எத்தனை செட் வேண்டும் என்று ஆணைய அலுவலகத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், அலைச்சல் மிச்சம்.

மனுவில் செல்லரை முதல் எதிர்தரப்பாகவும் தளத்தை இரண்டாவதாகவும் சேர்க்க வேண்டும். செல்லரை மட்டும் சேர்த்தால் அவர் ஆளே வராமல் இருக்கலாம், தளத்தை மட்டும் சேர்த்தால் ‘விற்றவரைச் சேர்க்கவில்லை’ என்பார்கள். நடந்ததை எண்ணிட்ட பத்திகளாக எழுதி, ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் எந்த ஆவணம் என்று குறியுங்கள். அக்காவின் மனுவில் மையமான பத்தி இரண்டே வரி: “பக்கத்திலும் பில் தலைப்பிலும் ப்யூர் சில்க் (ஆவணம் 1, 2). அதே பில்லில் எண் 5407, செல்லரின் சாட்டில் ஆர்ட் சில்க், ஆய்வகச் சான்றில் பாலியஸ்டர் (ஆவணம் 2, 4, 7).” கேட்டது 8,450 ரூபாயும் வட்டியும், மன உளைச்சலுக்கு 15,000, செலவுக்கு 5,000. எட்டாயிரம் ரூபாய்ப் புடவைக்கு ஐந்து லட்சம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆணையம் தருவது தன் கணக்குப்படிதான், நம் மனுதான் எடை குறைந்து தெரியும்.

புகாரை ஏற்றபின் எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போகும். அவர்கள் 30 நாளில் பதிலுரை தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் நீட்டிக்கலாம். அந்த 45 நாளைத் தாண்டி ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போன தேதியைக் குறித்துவைத்து எண்ணிக்கொண்டிருங்கள். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்குகளை 3 மாதத்திலும், தேவைப்படுபவற்றை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா வாய்தாவாகப் போகும், ஒரு வருடம் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். விசாரணைக்கு வீடியோ வழியே வர அனுமதி கேட்டு மனுப் போடலாம்.

அக்கா வழக்கில் செல்லர் வரவே இல்லை. தளத்தின் வக்கீல் முதல் வாய்தாவில் ‘இடைத்தரகர்’ பாட்டைப் பாடினார். இரண்டாவது வாய்தாவில் அவரே வெளியே வராந்தாவில் அக்காவைக் கூப்பிட்டு, “அம்மா, பேசி முடிச்சிக்கலாமா” என்றார். விலையோடு 6,000 ரூபாய் சேர்த்து 14,450 தருவதாகப் பேச்சு. வழக்கை வாபஸ் வாங்கி மெமோவில் கையெழுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் பணம் வந்துவிடும் என்றார். அக்கா, “பணம் வந்த அன்னைக்குக் கையெழுத்துப் போடுறேன் சார்” என்று சொல்லிவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை, சீட்டுப் பிடித்த அனுபவம். அடுத்த வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் கணக்கில் பணம் ஏறியது. வங்கிக் கணக்கு நகலை இணைத்து மெமோ தாக்கல் ஆனது, புடவையைத் தளமே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டது.

பேச்சு முறிந்து உத்தரவு வரை போயிருந்தால், தோற்றவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். பணம் கட்டச் சொன்ன உத்தரவு என்றால் பாதித் தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடும் இல்லாமல் பணமும் தராமல் இருந்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடலாம். பிரிவு 72இன்படி உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.